‘ஊசி போட்டாயிற்று’ என்ற விடை போதாது

நாய் கடித்த ஒருவரின் வீட்டுக்குச் செல்லும்போது, “என்ன சிகிச்சை எடுத்தீர்கள்?” என்றுதான் நாங்கள் முதலில் கேட்கிறோம். பெரும்பாலும் ஒரே விடை கிடைக்கிறது: “ஊசி போட்டாச்சு சிஸ்டர்.” சொல்பவர் முகத்தில் கவலை நீங்கிய நிம்மதி தெரிகிறது. ஆனால் எங்களுக்கு அந்த விடையில் நிம்மதி இல்லை. எந்த ஊசி, எந்த இடத்தில், இன்னும் எத்தனை முறை என்ற மூன்று செய்திகளும் அந்த ஒற்றைச் சொற்றொடருக்குள் மறைந்து போகின்றன. ரேபிஸ் என்னும் வெறிநோய், அறிகுறிகள் தோன்றிய பின் ஏறத்தாழ எல்லாரையும் கொன்றுவிடும் நோய். அறிகுறி தோன்றுவதற்கு முன்பாகவோ அது ஏறத்தாழ முற்றிலும் தடுக்கக்கூடியது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே நிற்பவை அம்மூன்று செய்திகளே. ஆகவே கடிபட்டவரின் குடும்பத்தார் ஒவ்வொருவரும் அவற்றைத் தம் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அவர்களுக்குத் தெரியவில்லை என்றால், அதில் பெரும்பகுதிக் குறை சொல்லித் தராத எங்களைப் போன்றவர்களுடையது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் சமூகச் செவிலியர் பணியில் கண்ட ஒரு நிகழ்வைக் கொண்டு இதை விளக்குவது எளிது. சர்க்கரை நோயால் காலில் புண்பட்ட ஒரு மூதாட்டிக்குக் கட்டு மாற்ற ஒரு திங்கட்கிழமை மாலை அவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவருடைய ஐந்து வயதுப் பேத்தி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து அப்பியிருந்தது. முந்தைய நாள் மாலை தெருவில் ஒரு நாய்க்குட்டிக்கு ரொட்டி ஊட்டப் போனபோது அது பாய்ந்து கன்னத்தில் கடித்துவிட்டது. தடுத்த முன்கையையும் பிறாண்டிவிட்டது. பாட்டி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, மஞ்சள் பற்றுப் போட்டார். தந்தை பக்கத்தில் இருந்த ஒரு சிகிச்சையகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தோம். அதில் எழுதியிருந்தது டி.டி. ஊசி மட்டுமே.

டி.டி. ஊசி இரணசன்னி என்னும் டெட்டனஸ் நோயைத் தடுப்பது. நாய்க்கடிக்குப் பின் அதுவும் தேவைப்படலாம். ஆனால் அதற்கும் ரேபிஸுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அந்தக் குடும்பம் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஊசி போட்டிருந்தார்கள். ரேபிஸ் ஊசிதான் போடப்படவில்லை.

“குட்டி நாய்தானே சிஸ்டர், அதுக்கெல்லாம் வெறி பிடிக்குமா?” என்று பாட்டி கேட்டார். பிடிக்கும். குட்டிக்கும் தாயிடமிருந்தோ வேறு நாயிடமிருந்தோ கடி வழியாக நோய் தொற்றலாம். தடுப்பூசி போடப்படாத குட்டி என்றால் அதற்குக் காப்பும் இல்லை. நாயின் வயதையோ, அது தெரு நாயா வீட்டு நாயா என்பதையோ கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பார்க்க வேண்டியது தோலை.

தோலின் நிலையைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் நாய்க்கடியை மூன்று வகையாகப் பிரிக்கிறது. நாயைத் தொட்டது, அதற்கு உணவிட்டது, காயமில்லாத தோலை அது நக்கியது ஆகியவை முதல் வகை. இதற்குக் கழுவினால் போதும், ஊசி வேண்டியதில்லை. இரத்தம் வராத சிறு கீறலும், திறந்த தோலைப் பல்லால் மெல்லக் கவ்வியதும் இரண்டாம் வகை. இதற்குக் கழுவுதலும் தடுப்பூசியும் வேண்டும். தோலைத் துளைத்த கடி, இரத்தம் வந்த பிறாண்டல், ஏற்கெனவே இருந்த புண்ணை நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. இதற்குக் கழுவுதல், தடுப்பூசி ஆகியவற்றோடு காயத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். அந்தச் சிறுமியின் கன்னத்தில் இரண்டு பல் துளைகள் இருந்தன. முன்கைப் பிறாண்டலில் இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டுமே மூன்றாம் வகை. காயம் சிறியது என்பதால் வகை குறைந்துவிடுவதில்லை. ஊசிமுனை அளவுத் துளையும் துளைதான்.

முதல் வேலை கழுவுவது. கடித்து ஏறத்தாழ ஒரு நாள் ஆகிவிட்டதே, இனிக் கழுவி என்ன பயன் என்று தாய் கேட்டார். தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும். ரேபிஸ் கிருமி எச்சிலோடு காயத்துக்குள் விழுந்து, அங்குள்ள தசையிலும் நரம்பு நுனிகளிலும் தங்கி, பின்னரே நரம்பு வழியாக மூளையை நோக்கி நகர்கிறது. அதன் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அந்த உறையைச் சிதைத்துவிடும். எனவே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்பது தெரியும். கடிகாரம் பாராமல் கழுவுகிறவர் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் போதும் என்று நிறுத்திவிடுகிறார். குழாய் இல்லாத வீட்டில் ஒருவர் செம்பால் மெல்ல ஊற்றிக்கொண்டே இருக்க, மற்றவர் கழுவலாம். தேய்த்துச் சுரண்டக் கூடாது. நீர் துளைக்குள் இறங்கி வெளிவர வேண்டும். சோப்பு எதுவானாலும் சரி, துணி துவைக்கும் சோப்பாக இருந்தாலும் சரி.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எண்ணெய், காப்பித்தூள் ஆகிய எதையும் காயத்தில் வைக்கக் கூடாது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவை காயத்தை எரிச்சலூட்டுகின்றன. கழுவுவதற்கும் பின்னர் மருந்து செலுத்துவதற்கும் தடையாகின்றன. பாட்டி அன்போடு போட்ட பற்றுதான் அது. அதைப் பழித்து நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வெதுவெதுப்பான நீரால் நனைத்து, மெல்ல எடுத்து, கிணற்றடியில் பதினைந்து நிமிடம் கழுவினோம். நீர் ஊற்றியவர் பாட்டிதான். அதன் பிறகு போவிடோன் அயோடின் மருந்தைத் தடவி, கட்டுப் போடாமல் மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம்.

அங்கே தந்தைக்கு வேறொரு கவலை எழுந்தது. பெண் குழந்தை, முகத்தில் வடு விழுந்துவிடக் கூடாது, தையல் போட்டுவிடுங்கள் என்றார். அவருடைய கவலை நியாயமானது. ஆயினும் நாய்க்கடிக் காயத்தை உடனே தைப்பது தவறு. தையலூசி ஒவ்வொரு முறை உள்ளே சென்று வரும்போதும் கிருமியைப் புதிய திசுக்களுக்குள் கொண்டுசெல்லக்கூடும். இரத்தப்போக்கை நிறுத்தவோ பெரிய கிழிசலைச் சேர்க்கவோ தையல் தவிர்க்க முடியாதது என்றால், முதலில் இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள் செலுத்தி, அது பரவச் சில மணி நேரம் விட்டு, பின்னர் குறைந்த எண்ணிக்கையில் தளர்வாகத் தைப்பார்கள். அச்சிறுமியின் துளைகளுக்குத் தையலே தேவைப்படவில்லை.

இனி அந்த இம்யூனோகுளோபுலின் ஊசியைப் பற்றி. குடும்பத்தார் மிகக் குறைவாக அறிந்திருப்பதும், அதிகமாகத் தவறிப்போவதும் இதுவே. தடுப்பூசி என்பது நம் உடலுக்குக் கிருமியை அடையாளம் காட்டி, அதற்கு எதிரான ஆற்றலை உடலே உண்டாக்கிக்கொள்ளச் செய்வது. அந்த ஆற்றல் உருவாக ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த இடைவெளியில் காயத்தில் கிடக்கும் கிருமியை யார் தடுப்பது? வெளியே தயாரிக்கப்பட்ட எதிர்ப்புரதம்தான் தடுக்கிறது. அதைக் காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்தினால், கிருமி நரம்புக்குள் நுழையும் முன்பே அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். நீண்ட நாள் காப்பு தடுப்பூசியினுடையது. முதல் வாரத்தின் காப்பு இம்யூனோகுளோபுலினுடையது. மூன்றாம் வகைக் காயத்துக்கு ஒன்றை மட்டும் கொடுத்து மற்றொன்றை விடுவது, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைப்பது போன்றது. கடி முகத்திலோ தலையிலோ கழுத்திலோ இருந்தால், மூளைக்குள்ள தொலைவு குறைவு என்பதால் இந்த முதல் வாரம் இன்னும் முக்கியமாகிறது.

அளவு உடல் எடையைப் பொறுத்தது. குதிரையின் இரத்த நீரிலிருந்து எடுக்கப்படும் மருந்து என்றால் ஒரு கிலோவுக்கு 40 அலகு. மனித இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது என்றால் ஒரு கிலோவுக்கு 20 அலகு. அச்சிறுமியின் எடை 15 கிலோ. கையிருப்பில் இருந்தது குதிரையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து. ஆகவே 600 அலகு. அந்த மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 300 அலகு இருப்பதால், கணக்கு 2 மில்லிலிட்டர். அது கன்னத்தின் இரண்டு துளைகளைச் சுற்றியும் முன்கைப் பிறாண்டல்களைச் சுற்றியும் பகிர்ந்து செலுத்தப்பட வேண்டும். காயங்கள் பலவாக இருந்து மருந்தின் அளவு போதாது என்றால் அளவைக் கூட்ட மாட்டார்கள். உப்பு நீர் சேர்த்து நீர்க்கச் செய்து, எல்லாக் காயத்துக்கும் சென்று சேரும்படி செய்வார்கள். அளவுக்கு மேல் கொடுத்தால் அது தடுப்பூசியின் வேலையைக் குறைத்துவிடும்.

இங்கேதான் தந்தை எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். “மூஞ்சியில குத்த வேணாம் சிஸ்டர், பிள்ளை துடிச்சுப் போயிடும். கையிலயே போட்டுடுங்க.” இந்த வேண்டுகோளை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். குழந்தை அழுவதைக் காணப் பொறுக்காத பெற்றோருக்கு இணங்கிவிடத்தான் மனம் விரும்புகிறது. ஆனால் இணங்கக் கூடாது. கையின் தசையில் போடும் மருந்து உடல் முழுவதும் கலந்து நீர்த்து, கன்னத்துக்கு வந்து சேர்வது மிகச் சிறிதளவே. கிருமி இருக்கும் இடம் கன்னம். மருந்தும் அங்கேதான் போக வேண்டும். இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர் மகளைத் தம் மடியில் அமர்த்தி, தலையைத் தம் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மெல்லிய ஊசியால் மெதுவாகச் செலுத்தினார் மருத்துவர். சில நிமிடங்களில் முடிந்தது. குதிரை மருந்தால் அரிதாக ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்பதால், அதற்கான மருந்துகளைக் கையருகே வைத்துக்கொண்டு சிறிது நேரம் கண்காணித்தோம். ஒரு வாரம் கழித்துத் தோல் தடிப்போ மூட்டுவலியோ காய்ச்சலோ வந்தால் உடனே வருமாறும் சொல்லி வைத்தோம்.

இம்யூனோகுளோபுலின் ஒரு முறைதான். முதல் தடுப்பூசி போடும் நாளன்றே போடுவது முறை. அன்று கிடைக்கவில்லை என்றால், முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். அதன் பின் உடலே எதிர்ப்பாற்றலை உண்டாக்கத் தொடங்கிவிடுவதால் அது தேவையில்லை. எனவே “மருந்து இங்கே இல்லை” என்று ஒரு இடத்தில் சொன்னால், வீட்டுக்குத் திரும்பாமல், எங்கே கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அங்கே செல்ல வேண்டும். தடுப்பூசியை அதற்காகத் தாமதப்படுத்தவும் வேண்டாம்.

அடுத்தது நாட்கணக்கு. முதல் ஊசி போடும் நாளைச் சுழிய நாள் என்கிறோம். கடித்த நாளை அன்று. சிறுமிக்குக் கடி ஞாயிற்றுக்கிழமை. முதல் ஊசி திங்கட்கிழமை. எனவே அவளுக்குச் சுழிய நாள் திங்கள். அரசு மருத்துவமனைகளிலும் எங்களிடமும் பெரும்பாலும் போடப்படுவது தோலுக்குள் போடும் ஊசி. அதன் முறை 0, 3, 7, 28 ஆகிய நான்கு நாட்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மேற்கைகளிலும் ஒவ்வொன்று. சிறுமிக்கு அது திங்கள், வியாழன், அடுத்த திங்கள், பிறகு நான்காம் வாரத் திங்கள் என்று அமைந்தது. முதல் ஊசி எந்தக் கிழமையோ, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் அதே கிழமைதான் வரும். நாட்காட்டியைப் பார்க்க இயலாத பெரியவர்களுக்கும் இதைச் சொன்னால் மறப்பதில்லை. தசையில் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஊசி. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொடையில் போடுவார்கள். இடுப்பின் பின்புறத்தில் ஒருபோதும் போடக் கூடாது. அங்குள்ள கொழுப்பில் மருந்து தங்கி, பயன் குறைந்துவிடும்.

தோலுக்குள் போடும் ஊசி சரியாகப் போடப்பட்டதா என்பதை நீங்களே பார்த்து அறியலாம். 0.1 மில்லிலிட்டர் மருந்து தோலின் மேலடுக்குக்குள் சென்றால், அந்த இடம் ஆரஞ்சுப் பழத்தோல் போலச் சிறு புள்ளிகளோடு புடைத்து எழும். புடைப்பு எழவில்லை என்றால், அல்லது மருந்து வழிந்துவிட்டது என்றால், தயங்காமல் சொல்லுங்கள். பக்கத்திலேயே மறுபடி போட வேண்டும். புடைப்பைத் தேய்த்துவிடாதீர்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்ற அச்சம் இன்னும் பல பெரியவர்களிடம் உள்ளது. அது ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்ட பழைய மருந்து. நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. இன்று வயிற்றில் ஊசி இல்லை. பத்தியமும் இல்லை, வழக்கமாக உண்ணும் உணவை உண்ணலாம். கருவுற்ற பெண்ணும் பாலூட்டும் தாயும் தடையின்றிப் போட்டுக்கொள்ளலாம். அவர்கள் போடாமல் இருப்பதுதான் ஆபத்து.

நாயைக் கவனிப்பது பற்றியும் ஒரு சொல். வெறிநோய் உள்ள நாயின் எச்சிலில் கிருமி வெளிப்படுவது, அது நோயுற்றுச் சாவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான். ஆகவே கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். அப்போது மீதி ஊசியை என்ன செய்வது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி போடலாம் என்பது பெரும் பிழை. ஊசி முதலில் தொடங்க வேண்டும். நாயைப் பார்ப்பது உடன் நடக்க வேண்டும். சிறுமியைக் கடித்த குட்டி மூன்றாம் நாளுக்குப் பின் யார் கண்ணிலும் படவில்லை. எனவே நான்கு முறையும் முழுமையாகப் போட வேண்டியதாயிற்று.

நான்காம் முறைதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. மூன்று முறைக்குப் பின் காயம் ஆறிவிடுகிறது; இருபத்தெட்டாம் நாள் தொலைவில் இருக்கிறது; வேலையும் பள்ளியும் குறுக்கிடுகின்றன. ஆனால் இந்நோய் வெளிப்படப் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகிறது. சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தோல் ஆறியதை வைத்து உள்ளே நடப்பதை அறிய முடியாது. நாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தெரிந்த உடனே வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திட்டுவார்களோ என்று அஞ்சி வராமல் இருப்பதுதான் கூடாது. யாரேனும் திட்டினால் அது எங்கள் பிழை.

அச்சிறுமியின் இருபத்தெட்டாம் நாள், அவர்கள் தாய்வழி ஊரில் திருவிழாவுக்குச் சென்றிருந்த வாரத்தில் வந்தது. தாய் எங்களைத் தொலைபேசியில் அழைத்து, வந்துவிட்டுப் பிறகு போடலாமா என்று கேட்டார். அட்டையை எடுத்துக்கொண்டு அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னோம். அட்டையில் மருந்தின் பெயர், தோலுக்குள் போட்டது என்ற குறிப்பு, ஒவ்வொரு தேதி, இம்யூனோகுளோபுலின் எவ்வளவு எந்தக் காயத்தில் என்ற விவரம் அனைத்தும் இருந்தன. அங்கிருந்த செவிலியர் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்றே போட்டுவிட்டார்கள்.

அந்த அட்டையைப் பத்திரப்படுத்தச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. முழுமையாகப் போட்டுக்கொண்டவரை வேறொரு நாள் மீண்டும் நாய் கடித்தால், 0, 3 என்ற இரண்டு நாள் ஊசியே போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஆனால் அதற்குச் சான்று வேண்டும். சான்று இல்லாதவர் அனைத்தையும் மீண்டும் தொடங்க நேரும்.

எனவே எங்கள் வேண்டுகோள் இதுதான். ஊசி அறையை விட்டு வெளியே வரும் முன், எங்களைப் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்று போட்டது எது? காயத்தில் போட வேண்டிய மருந்து உண்டா, போட்டாயிற்றா? அடுத்தது எந்தக் கிழமை? விடையை அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். நெரிசலில் நாங்கள் எழுத மறந்திருந்தால், நீங்கள் கேட்பது எங்களுக்கு உதவியே. அடுத்த முறை உங்கள் திண்ணைக்கு நாங்கள் வரும்போது, ‘ஊசி போட்டாச்சு’ என்பதோடு நிற்காமல் மீதி மூன்றையும் நீங்களே சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறோம். அந்தச் சிறுமியின் பாட்டி இப்போது சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பையனைப் பூனை பிறாண்டியபோது, நாங்கள் வருமுன்பே அவனைக் கிணற்றடியில் உட்கார வைத்து, மருமகளைக் கடிகாரம் பார்க்கச் சொல்லி நீர் ஊற்றியவர் அவர்தான்.